ஒரே கப்பலில் வந்த பாத்திரமும் கவரிங்கும்: செலவை எப்படிப் பிரிப்பது?

*கேள்வி: சென்னையிலிருந்து எவர்சில்வர் பாத்திரமும் கவரிங் நகையும் ஒன்றாக இறக்கினேன். கப்பல் கூலி, சுங்க வரி, லொறிக் கூலி எல்லாவற்றையும் கூட்டி, பொருளின் பெறுமதிப்படி பிரித்து விலை போட்டேன். பாத்திரம் நன்றாக ஓடுகிறது, ஆனால் கையில் காசு நிற்கவில்லை. எடைப்படி பிரித்திருக்க வேண்டுமா? – வாசகர், ஹட்டன்*

கூலியை எடைப்படி பிரியுங்கள். சுங்க வரியைப் பிரிக்கவே வேண்டாம். இரண்டையும் ஒரே கணக்கில் கூட்டியதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதலில் கூலி. பாத்திரம் 900 கிலோ, இன்வொய்ஸ் 5,40,000 ரூபாய் என்று வைப்போம். கவரிங் 100 கிலோ, 9,60,000 ரூபாய். கப்பல் கூலியும் கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு லொறிக் கூலியும் சேர்த்து 1,50,000. பெறுமதிப்படி பிரித்தால் பாத்திரத்தின் பங்கு 54,000தான், அதாவது கிலோவுக்கு 60 ரூபாய். வாங்கிய விலை 600உடன் சேர்த்து அடக்கம் 660 என்று தெரியும். அதன்மேல் 12 சதவீத லாபம் வைத்து ஏறக்குறைய 740க்கு விற்பீர்கள். எடைப்படி பார்த்தாலோ பாத்திரத்தின் பங்கு 1,35,000, கிலோவுக்கு 150. உண்மையான அடக்கம் 750. வரியைச் சேர்க்கும் முன்பே கிலோவுக்குப் பத்து ரூபாய் கைவிட்டுப் போகிறது. பாத்திரம் நன்றாக ஓடுவதற்கு இந்தக் குறைந்த விலையே காரணமாக இருக்கலாம். கவரிங்கோ 15,000 சுமக்க வேண்டிய இடத்தில் 96,000 சுமக்கிறது. விலை ஏறி, தீபாவளிக்குக்கூட நகராமல் கிடக்கும்.

கினிகத்தேனை ஏற்றத்தில் லொறி இழுப்பது எடையைத்தான், நகையின் விலையை அல்ல. ஆனால் கப்பல் பில்லை ஒருமுறை பாருங்கள். கொள்கலனைப் பிறரோடு பகிர்ந்து அனுப்பும்போது ஒரு கன மீட்டர் அல்லது 1,000 கிலோ, இதில் எது கூடுதலோ அதற்குத்தான் பொதுவாகக் கட்டணம் போடுவார்கள். அடுத்த முறை பிளாஸ்டிக் வாளி போல இலேசான, இடம் அடைக்கும் சரக்கு சேர்ந்தால் கப்பல் கூலியைக் கன அளவுப்படி பிரியுங்கள். காப்புறுதி மட்டும் பெறுமதிப்படி.

அப்புறம் சுங்க வரி. சுங்கம் பொருளை வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீட்டுப்படி வீதம் மாறும். கிளியரிங் ஏஜென்டிடம் சுங்கப் பிரகடனப் படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பாத்திரத்துக்கு எவ்வளவு, கவரிங்குக்கு எவ்வளவு என்று தனித்தனியாக அதில் இருக்கும். அந்தத் தொகையை அப்படியே அந்தந்தப் பொருளில் ஏற்றுங்கள். ஒன்றின் வரியை மற்றதன் தலையில் கட்டினால் இரண்டு விலையும் பொய்யாகிவிடும்.

ஏஜென்டின் கூலி போன்ற சில்லறைச் செலவுகளை எப்படிப் பிரித்தாலும் பெரிய வித்தியாசம் வராது. வற் வரியில் மட்டும் கவனம் தேவை. நீங்கள் வற் பதிவு பெற்று, கட்டியதை மீளக் கழிக்க முடிந்தால் அது அடக்கத்தில் சேராது. பதிவு இல்லையென்றால் அதையும் படிவத்தில் உள்ளபடி அந்தந்தப் பொருளில் சேருங்கள். கடைசியில் எல்லாப் பொருள்களின் அடக்கத்தையும் கூட்டி, கட்டிய பில்களோடு ஒப்பிடுங்கள். ஒரு ரூபாய்கூட மிஞ்சவோ குறையவோ கூடாது.