நேர்காணல் காணொளியில் எதிரொலியைக் குறைத்தல்

கேள்வி: சட்டை மைக்கிலும் கேமராவிலும் பதிவான குரல் குகைக்குள் பேசுவதுபோல் கேட்கிறது. பிரீமியர் ப்ரோவில் எப்படிச் சரிசெய்வது?

முதலில் கேமராவின் ஒலித்தடத்தை முழுவதுமாக மியூட் செய்துவிட்டு, சட்டை மைக்கின் தடத்தை மட்டும் கேளுங்கள். கேமரா 3 மீட்டர் தள்ளி இருந்திருந்தால், அதே குரல் அறையின் முழக்கத்தையும் சுமந்துகொண்டு ஏறக்குறைய 8 மில்லிவினாடி தாமதமாக அதில் பதிவாகியிருக்கும். இரண்டு தடங்களும் சேர்ந்து ஒலிப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். அதன் பிறகும் முழக்கம் எஞ்சினால், Essential Sound பலகத்தில் அந்தத் தடத்தை Dialogue எனக் குறித்து, Reduce Reverb அளவை 2-இல் தொடங்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் நீளும் ஒலியைக் கவனித்தபடி மெல்ல உயர்த்துங்கள். சற்று முழக்கம் மிஞ்சினாலும் பரவாயில்லை என்பது என் கருத்து. சொற்களின் கடைசி எழுத்துகள் தேய்ந்து, குரலில் உலோகத்தன்மை தட்டினால் உடனே அளவைக் குறைத்துவிடுங்கள்.