ஆத்துல மணல் அள்ளினா பாலத் தூணுக்கு என்ன ஆகும், பக்கத்து கிணறுக்கு என்ன ஆகும்: கேள்வி பதில்

சார், பாலத்துக்கு 1 கிலோமீட்டர் தள்ளி கீழ்ப்பக்கம்தான் அள்ளுறாங்க, தண்ணி அந்தப் பக்கமாத்தான் போகுது, அப்புறம் மேல இருக்குற பாலத்துக்கு எப்படி பாதிப்பு வரும்?

தண்ணி கீழ போகும், ஆனா பள்ளம் மேல ஏறி வரும். தோண்டின குழியோட மேல் விளிம்புல படுகை திடீர்னு சரிவா இருக்கும்ல, அந்த இடத்துல தண்ணி வேகமெடுக்கும், விளிம்பு மண்ண அறுத்து குழிக்குள்ள தள்ளும், விளிம்பு இன்னும் கொஞ்சம் மேல நகரும். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் இப்படியே ஆத்துக்கு மேல்பக்கமா நகர்ந்துகிட்டே வரும். பாறையோ தடுப்போ குறுக்க வந்தா நிக்கும், இல்ல மேல இருந்து வர்ற மணல் குழிய நிரப்பிட்டா நிக்கும், இல்லன்னா நிக்காது. குழிக்குக் கீழ இருக்குறவங்களும் தப்பிக்க முடியாது, ஏன்னா மேல இருந்து வர்ற மணல் எல்லாம் குழியிலயே தங்கிடும், தெளிஞ்சு வெளிய போற தண்ணிக்கு சுமை இருக்காது, அது அடுத்தாப்புல இருக்குற படுகையையும் கரையையும் அரிச்சு தன் சுமைய எடுத்துக்கும்.

அண்ணே நான் சிவில் படிக்கிறேன். அரிப்பு ஆழத்த வெள்ள மட்டத்துல இருந்துதானே அளக்குறோம்? படுகை 3 மீட்டர் இறங்கினாலும் அந்தக் கணக்கு மாறாதே, அப்ப ஏன் பயப்படணும்?

தம்பி, நல்ல கேள்வி, நிறைய பேர் இங்கதான் ஏமாறுறாங்க, அதனால நிதானமா சொல்றேன்.

ஒரு பாலம் எடுத்துக்கோ. கட்டும்போது பெருவெள்ளம் வந்தா தண்ணி மட்டத்துல இருந்து 12 மீட்டர் கீழ வரைக்கும் தூண் ஓரம் அரிக்கும்னு கணக்கு. அதுக்கும் கீழ பிடிமானம் வேணும்ல, பழக்கத்துல அந்த ஆழத்துல மூணுல ஒரு பங்கு, அதாவது 4 மீட்டர். ஆக அஸ்திவாரத்தோட அடி 16 மீட்டர்ல நிக்குது. இப்ப மேலயும் கீழயும் பல கிலோமீட்டருக்கு அள்ளி படுகை 3 மீட்டர் இறங்கிடுச்சு. அதே அளவு வெள்ளம் வந்தா தண்ணி பழைய உயரத்துக்கு வருமா? வராது, அதுவும் ஏறக்குறைய 3 மீட்டர் இறங்கித்தான் ஓடும். அந்தப் புது மட்டத்துல இருந்து 12 மீட்டர் அரிச்சா, பழைய மட்டத்துல இருந்து பாக்கும்போது அது 15. அஸ்திவாரத்தோட அடி மட்டும் இறங்கி வராதே, அது 16லயேதான் நிக்கும். 4 மீட்டர் பிடிமானம் 1 மீட்டர் ஆயிடுச்சு. மேல இருந்து பாத்தா தூண்ல ஒரு கீறல்கூட தெரியாது.

மேல கேட்டது நான்தான் அண்ணே. ஒரே ஒரு குழி தோண்டினா வெள்ள மட்டம் 3 மீட்டர் இறங்காதே, அப்ப உங்க கணக்கு பொருந்தாதுல்ல?

சரியா சொன்ன, ஒத்துக்குறேன். தனிக் குழிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, நீளமா பல வருஷம் அள்ளின இடத்துக்குத்தான். கீழ பக்கத்துலயே அணை இருந்து தண்ணி மட்டத்த தாங்கிப் பிடிச்சா அங்கயும் பொருந்தாது, அளந்துதான் பாக்கணும். ஆனா தனிக் குழியில வேற ஆபத்து, அந்தப் பள்ளத்தோட விளிம்பு தூண் வரைக்கும் வந்துட்டா தூணோட ஒரு பக்கம் மண் உயரமாவும் மறுபக்கம் பள்ளமாவும் நிக்கும், வேற எந்தக் கணக்குலயும் இல்லாத பக்கவாட்டு அழுத்தம் அது.

அப்ப மிச்சம் 1 மீட்டர் போதுமா போதாதா, நேரா சொல்லுங்க.

நேரா சொல்ல முடியாது. வெள்ளம் தூண தள்ளுற விசை, கீழ இருக்குறது மணலா களிமண்ணா பாறையா, தூணோட உயரம், இதெல்லாம் வச்சு மறுபடி கணக்கு போடணும். போடுற வரைக்கும் பெருவெள்ள நேரத்துல அந்தப் பாலத்துல வண்டி விடக்கூடாதுங்கறது என் கருத்து, மத்த இன்ஜினியர்கள் சிலர் இதுல என்னோட சண்டை போடுவாங்க.

வெள்ளம் வடிஞ்சதும் போய் பாத்தோம் சார், தூண் பக்கம் மண் நல்லா மூடித்தான் இருக்கு. பயமில்லதானே?

இந்த ஒண்ண தயவுசெஞ்சு மனசுல வச்சுக்கோங்க. வெள்ளம் ஏறும்போது தோண்டுற குழிய வடியும்போது அதே ஆறு லூஸ் மணலால மூடிடும். நீங்க பாத்தது மூடின பிறகு. நான் வேலையில இருந்தப்ப வெள்ளம் ஓடும்போதே பாலத்து மேல இருந்து கயித்துல எடை கட்டி இறக்கி அளந்தோம், ஒரு தூண்கிட்ட கயிறு போய்க்கிட்டே இருந்துச்சு, நிக்கவே இல்ல, ரெண்டு வாரம் கழிச்சு அதே இடத்துல முழங்கால் அளவு தண்ணியில நடந்தேன். அளவெடுத்தா வெள்ளத்துலயே எடுக்கணும்.

இப்படியெல்லாம் உண்மையிலயே பாலம் விழுந்திருக்கா?

போர்ச்சுகல்ல டோரோ நதி மேல ஹிண்ட்சே ரிபெய்ரோ பாலம், 19ஆம் நூற்றாண்டுல கட்டினது. 2001 மார்ச் 4 ராத்திரி ஒரு தூண் சரிஞ்சு, ஒரு பஸ்ஸும் 3 காரும் ஆத்துல விழுந்து 59 பேர் செத்தாங்க. பல வருஷமா அந்த நதியில மணல் எடுத்து படுகை இறங்கிப் போச்சு, அந்தக் குளிர்காலத்துல வெள்ளம் மேல வெள்ளமா வந்து மிச்சத்த அரிச்சிருச்சுன்னு விசாரணையில சொன்னாங்க. மணல் மட்டும் இல்ல, வெள்ளம் மட்டும் இல்ல, ரெண்டும் சேர்ந்துதான்.

எத்தன அடி வரைக்கும் அள்ளலாம்?

ஒரு வருஷத்துல மேல இருந்து எவ்வளவு மணல் வந்து சேருதோ அதுக்கும் கீழதான். அடிக்கணக்குல பதில் கிடையாது.

சார் 3 அடி அள்ளினா ஓகேவா?

மேல படிங்க.

எங்க தோட்டத்துக் கிணறு ஆத்துல இருந்து கொஞ்ச தூரம்தான், நாலு வருஷமா கோடையில வத்திப் போகுது. மணல்தான் காரணமா சார்?

இருக்கலாம்மா, ஆனா உடனே முடிவு பண்ணாதீங்க. கரையோரத்துல நிலத்தடி நீர் ஆத்து மட்டத்தோட சேர்ந்துதான் நிக்கும், படுகை 3 மீட்டர் இறங்கினா ஆறு ஒரு பெரிய வாய்க்கால் மாதிரி ரெண்டு கரையிலயும் இருக்குற தண்ணிய தனக்கு இழுத்துக்கும், கரையை ஒட்டின கிணத்துல கிட்டத்தட்ட அதே அளவு இறங்கும், தள்ளிப் போகப் போக குறையும். அதனால கோடையில ஆத்துல ஒரு சின்ன குழி தோண்டி தண்ணி எந்த மட்டத்துல ஊறுதுன்னு பாருங்க, அதே நாள் உங்க கிணத்து மட்டத்தையும் அளங்க, ரெண்டையும் ஒரே உயரக் குறியில இருந்து. கிணத்துத் தண்ணி ஆத்து மட்டத்த விட கொஞ்சம் மேல நின்னு, ஆத்தோட சேர்ந்தே இறங்கினா ஆறுதான் இழுக்குது. ஆத்து மட்டத்த விடவும் கீழ போயிருந்தா சுத்தி இருக்குற போர்வெல்லையும் பாக்கணும். ரெண்டும் சேர்ந்தே இருக்குறதுதான் அதிகம், எது எவ்வளவுன்னு பிரிக்க இந்த ஒரு சோதனை பத்தாது.

மணல் எடுத்த குழியில தண்ணி குளம் மாதிரி நிக்குதே, அது நிலத்தடி நீர் ஏறுறதுக்கு நல்லதுதானே? கொஞ்சம் யோசிங்க.

பாதி சரி. வெள்ளத் தண்ணி கொஞ்ச நாள் நின்னு ஊறும், மறுக்கல. ஆனா கோடையில நிக்குறது புதுத் தண்ணி இல்ல, மணலுக்குள்ள மறைஞ்சிருந்த நிலத்தடி நீர் வெயிலுக்குத் திறந்து கிடக்கு, ஆவியாப் போயிடும். போகப்போக நைஸ் வண்டல் அடியில படிஞ்சு ஊறுறதும் குறையும். இன்னொரு கணக்கு பாருங்க, ஒரு கன மீட்டர் ஆத்து மணல்ல ஏறக்குறைய 200 லிட்டர் தண்ணி வடியும். 1 கிலோமீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம் அள்ளினா 3 லட்சம் கன மீட்டர் மணல் போச்சு, அதுக்குள்ள 6 கோடி லிட்டர் தங்குற இடமும் போச்சு.

எம்-சாண்ட் காங்கிரீட் நல்லதா?

என் துறை இல்ல, காங்கிரீட் தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க.

பாலத்துக்குக் கீழ தடுப்பு கட்டினா சரியாயிடுமா?

பாலத்துக்குக் கீழ்ப்பக்கம் குறுக்க படுகை மட்டத்துல ஒரு திட்டு கட்டினா மேல ஏறி வர்ற பள்ளத்த அங்கயே நிறுத்தும், மண்ணும் பின்னாடி சேரும். ஆனா திட்டத் தாண்டி விழுற தண்ணி அதோட காலடிய அரிக்கும், அங்க கல் போட்டு ஒவ்வொரு வெள்ளத்துக்கு அப்புறமும் சரி பண்ணணும். அள்ளுறத நிறுத்தாம இத மட்டும் கட்டினா கொஞ்ச வருஷத்துல திட்டே போயிடும், பாத்திருக்கேன்.

சார் வெள்ளம் வடிஞ்சு நேத்து பாத்தோம், தூண் நல்லாத்தான்...

அந்தக் கயித்துக் கதைய மேல எழுதியிருக்கேன், அத முதல்ல படிச்சுட்டு வாங்க.