கீறல் விழுந்த டப்பா: முதலில் எதற்குப் பயப்படுவது?

"பழைய, கீறல் விழுந்த பிளாஸ்டிக் டப்பாவில் சூடான சாப்பாட்டைப் போட்டு வைத்து, அதிலேயே மைக்ரோவேவில் சூடாக்குகிறேன். ரசாயனத்துக்குப் பயப்படணுமா, கிருமிக்கா?"

முதலில் கிருமிக்கு. அது அன்றைக்கே வாந்தியில் கொண்டுபோய் விடும்; ரசாயனக் கசிவு பல ஆண்டுகளில் சேரும் கவலை.

ஆழமான டப்பாவில் சுடுசோற்றை அடைத்து மூடினால், ஓரம் ஆறினாலும் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். சமைத்தும் சாகாத, பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அந்தச் சூட்டில் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கலாம். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மைக்ரோவேவ் சூட்டிலும் அழியாது. முகர்ந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்குவது இதற்குப் பரிகாரம் ஆகாது. அதற்குப் பதில், சுடுசோற்றை அகலமான பாத்திரத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஆவி அடங்கியதும், எப்படியும் 2 மணி நேரத்துக்குள், ஃபிரிட்ஜில் வையுங்கள்.

ரசாயனக் கவலையும் பொய்யில்லை. சூடும் எண்ணெயும் சேரும்போது பிளாஸ்டிக்கிலிருந்து கசிவு கூடுகிறது. ஆகவே சூடாக்கும்போது மட்டுமாவது கண்ணாடிக்கோ பீங்கானுக்கோ மாற்றிவிடுங்கள். வேலை அரை நிமிடம்தான்.

கீறலுக்குள் எண்ணெய்ப் பிசுக்கு தங்கினால் அங்கே தேய்ப்பானும் எட்டாது. கழுவிக் காய்ந்த பிறகும் வழவழப்போ பழைய வாடையோ இருந்தால், அந்த டப்பாவில் நான் இனி சாப்பாடு வைக்கமாட்டேன்.