ஹேண்ட்ஓவர் நோட்டைத் தமிழாக்கும்போது எது நழுவிப் போகிறது?

கேள்வி: "எங்கள் வார்டில் ஹேண்ட்ஓவர் முழுக்க ஆங்கிலச் சுருக்கெழுத்துதான். வீட்டுப் பராமரிப்புக்குப் போகிற உதவியாளர்களுக்கு அதை நான் தமிழில் எழுதித் தர வேண்டும், அவர்கள் தமிழில் எழுதி அனுப்புவதைத் திரும்ப ஆங்கிலத்தில் ஏற்றவும் வேண்டும். எதை மொழிபெயர்ப்பது, எதை அப்படியே விடுவது?"

சுருக்கெழுத்திலிருந்து நேராகத் தமிழுக்குப் போகாதீர்கள். முதலில் ஒவ்வொரு சுருக்கத்தையும் முழு ஆங்கில வாக்கியமாக விரித்து எழுதிக்கொண்டு, அப்புறம் தமிழுக்கு வாருங்கள். இரட்டை வேலையாகத் தெரியும், ஆனால் விரித்து எழுதும்போதுதான் எழுதியவர் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்பது கண்ணில் படும். குடல் அறுவை சிகிச்சை முடிந்த ஒருவரைப் பற்றிய நோட் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

```
60/M, POD 2, R hemicolectomy. NPO, sips from 6 am if no N/V.
U/O 25 ml/h x 3 h, Dr informed. K+ 3.1, rpt sent.
Inj tramadol 50 mg IV SOS. ?penicillin allergy.
```

என்பிஓ என்பதைப் பலரும் "சாப்பாடு கொடுக்க வேண்டாம்" என்று எழுதிவிடுகிறார்கள். அதைப் படிக்கிறவர் தண்ணீர் கொடுக்கலாம், மாத்திரை கொடுக்கலாம், காபி மட்டும் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்வார், அது அவர் தப்பில்லை. "வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது, தண்ணீரும் மாத்திரையும் உட்பட" என்று எழுதுங்கள். அடுத்து வரும் நிபந்தனையை முன்னால் வையுங்கள்: "குமட்டலோ வாந்தியோ இல்லையென்றால் மட்டும், காலை 6 மணியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர்." எந்த நாள் காலை 6 மணி? இரவு 2 மணிக்கு எழுதும் நோட்டில் "நாளைக் காலை" என்று வந்தால் இன்னும் நாலு மணி நேரம் கழித்தா, ஒரு நாள் கழித்தா என்று தெரியாது, அதனால் தேதியும் 24 மணி நேரக் கணக்கும் சேர்ந்தே இருக்கட்டும். அறுவை சிகிச்சை முடிந்து எத்தனையாவது நாள் என்பதும் அப்படித்தான். சிலர் அறுவை சிகிச்சை நாளைப் பூஜ்யமாக வைக்கிறார்கள், சிலர் ஒன்று என்கிறார்கள். தேதி எழுதிவிட்டால் அந்தக் குழப்பமே இல்லை.

இரண்டாவது வரிதான் எனக்குக் கவலையே. "25 மி.லி., 3 மணி நேரம்" என்று தமிழில் போட்டால் மூன்று மணி நேரத்துக்கும் சேர்த்து 25 என்று படிக்க முடியும். மூலத்தில் இருப்பது மணிக்கு 25, மூன்று மணி நேரமாக, ஆக மொத்தம் 75. "கடந்த 3 மணி நேரமாக, ஒவ்வொரு மணி நேரமும் 25 மில்லிலிட்டர் சிறுநீர்தான் போகிறது" என்று விரித்துச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு எடையில் கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லிலிட்டர் என்பது வழக்கமாகப் பார்க்கிற கீழ் எல்லை. நோட்டில் உள்ள 60 வயதுதான், ஆனால் எடையும் 60 கிலோ என்றால் மணிக்கு 30 வர வேண்டும், அதனால்தான் அந்த நர்ஸ் இதைக் குறித்திருக்கிறார். "சிறுநீர் குறைவு" என்று மட்டும் எழுதினால் அடுத்த ஷிஃப்ட்காரர் எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்?

அதே வரியில் "டாக்டருக்குத் தகவல் சொல்லப்பட்டது" என்பதைத் தமிழில் "டாக்டரிடம் சொல்லியாச்சு" என்று எழுதுவது வெகு இயல்பு. யார் சொன்னார், எந்த டாக்டரிடம், எத்தனை மணிக்கு, அவர் என்ன சொன்னார் என்ற நாலும் அதில் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. படிக்கிறவருக்கோ விஷயம் முடிந்துபோனதாகத் தோன்றும். எழுதியவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், கிடைக்கவில்லையென்றால் "என்ன உத்தரவு என்று மூலத்தில் இல்லை" என்றே எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். பொட்டாசியமும் இதே கதைதான். 3.1 என்பது குறைவு, பொதுவாக 3.5-க்கு மேல் இருக்க வேண்டும். திரும்ப ரத்தம் அனுப்பியிருக்கிறார்கள், ரிசல்ட் வரவில்லை. "டெஸ்ட் எடுத்தாச்சு" என்றால் யாரும் ரிசல்ட்டைத் தேடிப் போக மாட்டார்கள். "ரிசல்ட் வரவில்லை, கேட்டு வாங்க வேண்டும்" என்பது தனி வாக்கியமாக நிற்கட்டும்.

மருந்தின் பெயர், அளவு, கொடுக்கும் வழி மூன்றையும் மொழிபெயர்க்கவே வேண்டாம். மருந்துப் பெயரைச் சீட்டில் உள்ள ஆங்கில எழுத்திலேயே ஒரு முறை பார்த்து எழுதி, பக்கத்தில் தமிழில் உச்சரிப்பை வையுங்கள். அலகைச் சுருக்காதீர்கள். மி.கி. என்பதும் மை.கி. என்பதும் அவசரக் கையெழுத்தில் ஒன்றுபோலவே இருக்கும், நடுவில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். மில்லிகிராம், மைக்ரோகிராம், யூனிட் எல்லாம் முழுதாக இருக்கட்டும். 1.0 என்று எழுதாமல் 1 என்று எழுதுங்கள், புள்ளி மங்கினால் அது 10 ஆகிவிடும். புள்ளியில் தொடங்கினால் முன்னால் பூஜ்யம் கட்டாயம், .5 அல்ல, 0.5. எஸ்ஓஎஸ் என்பதை "தேவைப்பட்டால்" என்று விட்டால் பாதிதான் சொன்னதாகும். எதற்குத் தேவைப்பட்டால், இரண்டு டோஸுக்கு நடுவில் எத்தனை மணி நேரம், ஒரு நாளைக்கு அதிகபட்சம் எவ்வளவு என்பதை மருந்துச் சீட்டில் பார்த்துச் சேர்த்து எழுதுங்கள். அங்கேயும் இல்லையென்றால் டாக்டரிடம் கேட்க வேண்டியதுதான். ஓடி என்ற சுருக்கம் மருந்துச் சீட்டில் தினம் ஒரு முறை, கண் வார்டில் வலது கண், ஆகவே எந்த வார்டு நோட் என்று தெரியாமல் எதையும் விரிக்காதீர்கள்.

கடைசியில் இருக்கும் கேள்விக்குறியைத் தொலைத்துவிடாதீர்கள். "பெனிசிலின் அலர்ஜி" என்று எழுதினால் சந்தேகம் உறுதியாகிவிடும், விட்டுவிட்டால் அலர்ஜியே இல்லையென்று ஆகிவிடும். "அலர்ஜி இருக்கலாம் என்று சந்தேகம், உறுதியாகவில்லை" என்பதுதான் சரி. முன்பு என்ன ஆனது, தடிப்பா, மூச்சுத்திணறலா என்று குடும்பத்தாரிடம் கேட்டுச் சேர்த்தால் ரொம்ப நல்லது, ஆனால் அது நீங்கள் சேர்த்தது என்று தெரியும்படி பெயரும் நேரமும் போடுங்கள்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது ஆபத்து வேறு மாதிரி. உதவியாளர் "ராத்திரி ரெண்டு தடவை மயக்கமா வருதுன்னு சொன்னார்" என்று எழுதியிருக்கிறார். மயக்கம் என்றால் தலைசுற்றல், கண் இருட்டிக்கொண்டு வருவது, நினைவு தப்புவது, மருந்தின் அசதி, எதுவும் ஆகலாம். டிரமடால் போய்க்கொண்டிருக்கும் நோயாளிக்கு இவற்றில் எது என்பதைப் பொறுத்து அடுத்து செய்ய வேண்டியதே மாறும். நீங்களாக ஒரு மருத்துவச் சொல்லைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நோயாளி சொன்னதை மேற்கோள் குறிக்குள் அப்படியே வைத்துவிட்டு, கூப்பிட்டபோது கண் திறந்தாரா, பதில் சொன்னாரா, படுத்திருந்தாரா எழுந்தபோதா, அப்போது பிபி, நாடி, மூச்சு எண்ணிக்கை, சர்க்கரை என்ன என்று உதவியாளரிடம் கேட்டு, அவர் நேரில் பார்த்த விஷயத்தை ஆங்கிலத்தில் எழுதுங்கள். "உப்பு கூடியிருக்காம்" என்று குடும்பத்தார் சொன்னதாக வந்தாலும் இதே முறைதான். சிலர் கிரியேட்டினினைச் சொல்வார்கள், சிலர் சோடியத்தை. லேப் ரிப்போர்ட்டைக் கையில் எடுக்காமல் ஏற்றக் கூடாது. வயிற்று அறுவை சிகிச்சை நோயாளிக்கு "காற்று பிரிந்தது, வெளிக்குப் போகவில்லை" என்று வந்தால் அவை இரண்டு தனித் தகவல்கள், இரண்டையும் தனித்தனியாக ஏற்றுங்கள். குடல் வேலை செய்யத் தொடங்கிவிட்டதா என்று டாக்டர் பார்க்கிற குறிப்புகளில் அவையும் உண்டு.

முடித்ததும், மூலத்தைப் பார்க்காத இன்னொரு நர்ஸிடம் உங்கள் தமிழைக் கொடுத்து ஆங்கிலத்தில் வாயால் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு எண்கள், வலது இடது, "இல்லை", "சந்தேகம்", முடிந்தது, இனிமேல் செய்ய வேண்டியது, இவற்றை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மாறியிருந்தாலும் திருத்த வேண்டியது உங்கள் தமிழ் வாக்கியத்தை, அவர் புரிந்துகொண்ட விதத்தை அல்ல. மூல நோட்டின் நகலைத் தமிழ்த் தாளோடு சேர்த்தே பின் செய்து அனுப்புங்கள்.