தவணைக் கடிதத்தில் முதல் வரி கடன் ஒப்புதலாக இருக்கட்டும்

“பெங்களூரு பீன்யாவில் நானும் மைத்துனரும் கூட்டாக சி.என்.சி. இயந்திரம் பழுதுபார்க்கும் நிறுவனம் நடத்துகிறோம். ஜூன் 10-இல் வேலையை முடித்துக் கொடுத்து, ஜி.எஸ்.டி. சேர்த்து 3,54,000 ரூபாய்க்குப் பில் போட்டோம். கெடு ஜூலை 10. ஏழு வருட வாடிக்கையாளர், மொத்தமாகத் தர இப்போது முடியாது என்கிறார். உறவும் கெடாமல், பணமும் போகாமல் தவணைக் கடிதம் எழுதுவது எப்படி?”

பெரும்பாலானோர் இத்தகைய கடிதத்தைத் தேதிகளிலும் தொகைகளிலும் தொடங்குகிறார்கள். நான் பார்த்த தகராறுகளில் பல, அதற்கு முன்னால் வர வேண்டிய ஒரு வாக்கியம் விடுபட்டதால்தான் வளர்ந்தன. தவணை தவறிய பிறகு “வேலையே சரியாக முடியவில்லை” என்று வாடிக்கையாளர் சொல்லத் தொடங்குவார். அந்தக் கதவை முதலிலேயே மூடிவிட வேண்டும். ஆகவே கடிதத்தை இப்படித் தொடங்கலாம்:

“ஜூன் 10 தேதியிட்ட எங்கள் பில்லுக்குரிய வேலை குறையின்றி நிறைவேறியதையும், அதற்காக டி.டி.எஸ். போக 3,48,000 ரூபாய் தாங்கள் தர வேண்டியிருப்பதையும் இருவரும் ஏற்கிறோம். ஜூலை 10 என்ற கெடு மாறவில்லை. கீழ்க்காணும் தேதிகளில் தொகை தவறாமல் வந்துகொண்டிருக்கும்வரை மேல்நடவடிக்கை எடுக்காமல் பொறுத்திருக்க இசைகிறோம்.”

இதன் கீழே அவர் கையெழுத்திட்டு, நிறுவன முத்திரையுடன் திருப்பித் தர வேண்டும். காலவரம்புச் சட்டத்தின்படி இத்தகைய பாக்கிக்கு வழக்குத் தொடரப் பொதுவாக மூன்று ஆண்டுகளே உண்டு. அந்தக் காலம் முடிவதற்குள் கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து மூன்று ஆண்டுகள் புதிதாகத் தொடங்கும். அவருக்குத் தமிழ் பேசத் தெரிந்தாலும், வாசித்துப் புரிந்துகொள்ளும் மொழி கன்னடமோ ஆங்கிலமோ ஆனால் கடிதமும் அதிலேயே இருக்கட்டும்.

“கெடுவை நீட்டிக்கிறோம்” என்று எழுதாமல் “பொறுத்திருக்கிறோம்” என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனமாக நீங்கள் இருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் அவர் பணம் தந்தாக வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மும்மடங்கு வட்டியை மாதக் கூட்டுவட்டியாகக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தேதிப்படி கட்டினால் அந்த வட்டியைக் கேட்கமாட்டோம், தவறினால் கேட்போம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். (தாமதத்துக்கு வாங்கும் வட்டிக்கும் ஜி.எஸ்.டி. உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.)

இனித் தவணைக் கணக்கு. உங்கள் பில்லில் வேலைக்கூலி 3,00,000, வரி 54,000. கூட்டு நிறுவனத்துக்குத் தரும் கூலியில் இரண்டு விழுக்காடு, அதாவது 6,000 ரூபாயை அவர் டி.டி.எஸ்.ஸாகப் பிடித்துக் கட்டுவார். அதைக் கழிக்காமல் தவணையைப் பிரித்தால், கடைசித் தவணையில் 6,000 குறைந்து வந்து வீண் சண்டையில் முடியும். மாதாந்திரக் கணக்குத் தாக்கல் செய்பவரானால், பணம் வந்தாலும் வராவிட்டாலும் ஜூன் பில்லுக்கான ஜி.எஸ்.டி.யை ஜூலை 20-க்குள் நீங்கள் கட்டியாக வேண்டும். எனவே முதல் தொகை அந்த 54,000-ஐயாவது ஈடுகட்ட வேண்டும். ஜூலை 20-இல் 88,000, பிறகு ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை மாதந்தோறும் 25-ஆம் தேதி 65,000 என்று வைத்தால் கணக்கு நேராகிறது.

நவம்பரோடு முடிப்பதற்கு அவர் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் பணம் தராதவர், அந்தப் பில்லுக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை, தராத பங்குக்கு ஏற்ப வட்டியுடன் திருப்ப வேண்டும். உங்கள் பில்லுக்கு அந்த நாள் டிசம்பர் 7. இதை மிரட்டலாகச் சொல்லாமல், “தங்கள் வரி வரவும் பாதிக்கப்படாதபடி நவம்பருக்குள் முடியுமாறு அமைத்துள்ளோம்” என்று எழுதினால், உறவுக்கு நீங்கள் தரும் மரியாதையும் அதிலேயே தெரிந்துவிடும்.

தவறினால் என்ன என்பதைத் தயங்காமல் எழுதுங்கள்: “எந்தத் தவணையாவது ஏழு நாட்களுக்கு மேல் தாமதமானால், மீதித் தொகை முழுவதும் உடனே தர வேண்டியதாகும். ஒருமுறை தாமதத்தைப் பொறுத்துக்கொண்டது இந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாகாது.” இரண்டாம் வாக்கியம் இல்லாமல் இரண்டு தவணைகளைத் தாமதமாகவே வாங்கிக்கொண்டவர், மூன்றாவதில் கண்டிப்புக் காட்டும்போது “நீங்களே ஒத்துக்கொண்ட பழக்கம்தானே” என்ற பதிலைக் கேட்க நேரும்.

ஆகஸ்ட் முதல் நவம்பர் வரையிலான நான்கு தவணைகளுக்கும் அந்தந்தத் தேதியிட்ட காசோலைகளைக் கேட்டு வாங்கி, அவற்றின் எண்களைக் கடிதத்தில் குறியுங்கள். தேதியிடாத “உத்தரவாதக்” காசோலையை நான் பரிந்துரைப்பதில்லை; அது எதற்குத் தரப்பட்டது என்பதே பின்னால் வழக்காகிவிடும். கணக்கில் போதிய பணமின்றிக் காசோலை திரும்பினால், வங்கியின் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும்; அது கிடைத்த 15 நாட்களுக்குள் அவர் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் புகார் கொடுக்கலாம். வாயால் சமாதானம் பேசிக்கொண்டே முதல் 30 நாட்களைக் கடத்திவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு; பேச்சு நடக்கும்போதே அறிவிப்பையும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள்.