அரை மணியில் பறக்கும் ஆரஞ்சும் அடங்காத வெட்டிவேரும்: வாசகர் கேள்விகள்

வீட்டிலேயே பெர்ஃப்யூம் செய்ய, 10 மில்லி ஜொஜோபா எண்ணெயில் எசென்ஷியல் ஆயில்களை, அதாவது ஆரஞ்சு 12 சொட்டு, லாவெண்டர் 5, வெட்டிவேர் 1 சொட்டு கலந்தேன். தடவியதும் அருமை. அரை மணி நேரத்தில் ஒன்றுமே இல்லை. ஆரஞ்சைக் கூட்டவா?

வேண்டாம். ஆரஞ்சு எண்ணெயில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் லிமோனீன்தான். மிக லேசான மூலக்கூறு, தோலின் சூட்டுக்கே பறந்துவிடும். இருபது சொட்டு விட்டாலும் முதல் பத்து நிமிடம் தூக்கலாக இருக்குமே தவிர, மாலை வரை நிற்காது. டாப் நோட்டின் வேலையே முதலில் வந்து முதலில் போவதுதான். அது போகும்போது அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. உங்கள் கலவையில் லாவெண்டரும் சீக்கிரம் மங்குகிற ரகம். கடைசி வரை நிற்க வேண்டிய பேஸ் நோட்டாக இருப்பது ஒரே ஒரு சொட்டு வெட்டிவேர்.

இப்படி மாற்றிப் பாருங்கள். காலிக் குப்பியில் முதலில் பேஸ்: வெட்டிவேர் 2 சொட்டு, பச்சோலி 2. அடுத்து இரண்டுக்கும் நடுவே வரும் மிடில்: ஜெரேனியம் 4, லாவெண்டர் 2. ஜெரேனியத்தை ஒவ்வொரு சொட்டாக விட்டு முகர்ந்துகொண்டே வாருங்கள். மண்வாசனைக்குள் பூ வாசனை எட்டிப் பார்க்கும் இடத்தில் நிறுத்தலாம், நாலு சொட்டு என்பது சட்டமில்லை. கடைசியில் டாப்: ஆரஞ்சு 8, ஏலக்காய் 1. குப்பியை மூடி ஒரு வாரம் இருட்டில் வையுங்கள். தனித்தனியாக முட்டிக்கொண்டிருந்த வாசனைகள் அதற்குள் ஓரளவு இணங்கிவிடும். அப்புறம் ஜொஜோபாவை 10 மில்லி வரை ஊற்றுங்கள். எசென்ஷியல் ஆயில் ஏறக்குறைய பத்து சதவீதம் வரும். ரோல்-ஆனுக்கு அது போதும். முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

எண்ணெயை வீணாக்காமல் சோதிக்க, கெட்டித் தாளைக் கீற்றுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணெயைத் தொட்டு, பெயர் எழுதி வையுங்கள். ஆரஞ்சு எப்போது காணாமல் போகிறது, ஜெரேனியம் எவ்வளவு தாங்குகிறது, மறுநாளும் வெட்டிவேர் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை உங்கள் மூக்கே சொல்லிவிடும்.

வெட்டிவேர் கொஞ்சம் கூடிவிட்டது. மழையில் நனைந்த மண் மாதிரி அது மட்டுமே அடிக்கிறது. காப்பாற்ற முடியுமா?

முடியும், ஆனால் மேலே ஆரஞ்சு ஊற்றி அல்ல. அது பறந்ததும் வெட்டிவேர் திரும்ப வந்து நிற்கும். வெட்டிவேர் இல்லாமல் அதே கலவையை இன்னொரு குப்பியில் செய்து, கெட்டுப்போனதை அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள்.

இது பலருக்கும் நடப்பதுதான். வெட்டிவேர் எண்ணெய் பாகு மாதிரி கெட்டி, அதன் சொட்டு ஆரஞ்சுச் சொட்டை விடக் கனமாக விழும். "பேஸ் இத்தனை பங்கு, டாப் இத்தனை பங்கு" என்று சொல்லும் கணக்குகள் இங்கேதான் காலை வாரும். ஒரு சொட்டு வெட்டிவேரும் ஒரு சொட்டு ஆரஞ்சும் பலத்தில் சமமே இல்லை. 1 சொட்டு வெட்டிவேரை 9 சொட்டு ஜொஜோபாவில் கலந்து தனியாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து எடுங்கள். தொடர்ந்து செய்வதாக இருந்தால் 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வாங்கிவிடுங்கள், சொட்டுக் கணக்கே தேவைப்படாது.

கடையில் மல்லிகை எசென்ஷியல் ஆயில் 10 மில்லி 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மிடில் நோட்டுக்கு வாங்கலாமா?

அந்த விலைக்கு அசல் மல்லிகை வராது. நீராவியில் காய்ச்சினால் மல்லிகையின் மணம் கெட்டுவிடும். அதனால் ஹெக்ஸேன் போன்ற கரைப்பானில் மணத்தை இழுத்து, மெழுகு மாதிரியான கான்கிரீட்டாக எடுத்து, அதை ஆல்கஹாலில் கழுவி அப்சல்யூட் ஆக்குகிறார்கள். மதுரை, சத்தியமங்கலம் பக்கத்துப் பூக்கள் இப்படித்தான் வாசனைத் தொழிலுக்குப் போகின்றன. டன் கணக்கில் பூ கொட்டினால் கிலோ கணக்கில்தான் கிடைக்கும். குப்பியில் 'அப்சல்யூட்' என்றும் தாவரப் பெயரும் இருக்கிறதா பாருங்கள். அசல் கிடைத்தால் மேலே சொன்ன கலவைக்கு ஒரு சொட்டு போதும். கிடைக்காவிட்டால் ஜெரேனியமே நல்லது.

எலுமிச்சை, பெர்கமாட் தடவி வெயிலில் போகக் கூடாதாமே?

பழத்தோலைப் பிழிந்து எடுத்த பெர்கமாட், எலுமிச்சை எண்ணெய்களில் ஃப்யூரோகூமரின்கள் என்ற வேதிப்பொருள்கள் உண்டு. தடவிய இடத்தில் வெயில் பட்டால் புண்ணாகி, கருந்திட்டு விழலாம். பெர்கமாட்டுக்கு வரம்பு 0.4 சதவீதம், அதாவது 10 மில்லிக்குச் சுமார் ஒரு சொட்டு. காய்ச்சி வடித்த எலுமிச்சைக்கும் இனிப்பு ஆரஞ்சுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் எல்லா சிட்ரஸ் எண்ணெயும் காற்றுப் பட்டுப் பழசானால் தோலுக்கு ஒவ்வாமை தரும். டர்பென்டைன் வாடை வந்துவிட்டால் கொட்டிவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் கொஞ்ச நாள் கூடத் தாங்கும்.

ஜொஜோபாவுக்குப் பதில் சர்ஜிக்கல் ஸ்பிரிட்? வோட்கா?

ஸ்பிரிட்டில் குடிக்க முடியாதபடி வேறு சரக்கு கலந்திருக்கும், அதன் வாடை போகாது. வோட்காவில் பாதிக்கு மேல் தண்ணீர். எண்ணெய் அதில் கரையாமல் பால் மாதிரி கலங்கி, பிறகு மேலே மிதக்கும். ஜொஜோபா விலை அதிகமாகத் தெரிந்தால், உறையாத ஃபிராக்ஷனேட்டட் தேங்காய் எண்ணெயை வாங்குங்கள். சமையல் தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதற்கென்றே ஒரு வாசனை இருக்கிறது.