புகை எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள்

"போன மாதம் குடிவந்த வாடகை வீட்டில் பழைய சிம்னி ஒன்று இருக்கிறது. கம்பெனி பெயர்கூட அழிந்துவிட்டது, போட்டோ அனுப்பியிருக்கிறேன். இது என்ன வகை? மிளகாய் தாளித்தால் ஹால் வரைக்கும் நெடி வருகிறது. கடையில் 1400 சக்‌ஷன் வாங்கச் சொல்கிறார்கள். 8க்கு 6 அடி கிச்சனுக்கு அவ்வளவு வேண்டுமா?"
– ஒரு வாசகி, மடிப்பாக்கம்

வேண்டாம். கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள், காசு மிச்சமாகலாம்.

உங்கள் போட்டோவில் அடிப்பக்கம் வெள்ளி நிறத்தில் இரண்டு சட்டங்கள் தெரிகின்றன, உள்ளே பல அடுக்கு அலுமினியக் கம்பி வலை. இது மெஷ் ஃபில்டர் வகை. பேஃபிள் என்றால் வலை இருக்காது, வளைந்த ஸ்டீல் பட்டைகள் வரிசையாக இருக்கும். மெஷ் வலையில் எண்ணெய் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். நம் தாளிப்புக்கும் பொரியலுக்கும் பத்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை வெந்நீரில் சோடா உப்பு போட்டு ஊறவைத்துக் கழுவாவிட்டால் மோட்டார் எவ்வளவு பெரிதானாலும் காற்று உள்ளே போகாது.

ஆனால் போட்டோவில் என் கண்ணில் பட்டது வேறு. கூரையை ஒட்டிப் போகும் அந்தச் சதுர ஸ்டீல் கவரின் பக்கவாட்டில், மேலே நான்கைந்து நீளக் கீறல் போன்ற துவாரங்கள் இருக்கின்றன. பக்கத்துச் சுவரிலோ ஜன்னலிலோ குழாய் வெளியே போகிற ஓட்டையையும் காணோம். வெளியே குழாய் போகிற சிம்னியிலும் இந்தக் கீறல்கள் இருப்பதுண்டு, அதனால் படத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஸ்டூல் போட்டு ஏறி, முழு வேகத்தில் ஓடவிட்டு, அந்தக் கீறல்கள் பக்கத்தில் கையை வையுங்கள். கையில் காற்று அடித்தால் உங்கள் சிம்னி புகையை வெளியே தள்ளவில்லை, எண்ணெயை வலையில் பிடித்துக்கொண்டு மிச்சத்தை உங்கள் கிச்சனுக்கே திருப்பி விடுகிறது. இந்த வகையில் நெடியைப் பிடிக்க உள்ளே ஒரு கரி ஃபில்டர் இருக்கும், அதைச் சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும். பழைய சிம்னியில் அது எப்போதோ செத்துப்போயிருக்கும். சூடும் ஆவியும் எப்படியும் வீட்டுக்குள்ளேதான் சுற்றும்.

அப்புறம், பிளக்கைப் பிடுங்கிவிட்டு வலையைக் கழற்றி உள்சுவரில் பாருங்கள். மாடல், வாட், சக்‌ஷன் போட்ட ஸ்டிக்கர் பெரும்பாலும் அங்கே பிழைத்திருக்கும்.

இனி கணக்கு. கடையில் சொல்லும் சக்‌ஷன் எண், சிம்னி மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்றை இழுக்கும் என்பதுதான். கூரை 10 அடி என்றால் உங்கள் கிச்சன் 480 கன அடி, அதாவது சுமார் 13.6 கன மீட்டர். மணிக்கு 15 முறை காற்று மாற வேண்டும் என்று வைத்தாலும் 200 கன மீட்டர்தான். இதோடு நிறுத்திக்கொண்டால் தப்பாகப் போகும், ஏனென்றால் அடுப்பிலிருந்து எழும் புகையைச் சிதறுவதற்குள் பிடித்தாக வேண்டும். சுவரோரச் சிம்னிக்கு ஓர் அடி அகலத்துக்கு மணிக்கு 170 கன மீட்டர் என்பது நடைமுறைக் கணக்கு. உங்களுடையது இரண்டடி, அதாவது 60 செ.மீ. போலத் தெரிகிறது, ஆக 340. பெட்டியில் அச்சடித்திருப்பது குழாயும் அழுக்கும் குறுக்கே இல்லாதபோது கிடைக்கும் அளவு, மாட்டிய பிறகு பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வது நல்லது. அப்படியென்றால் 700, 800 போதும். குழாய் பத்தடிக்கு மேல் போகிறது, இரண்டு மூன்று இடத்தில் வளைகிறது என்றால் 1000 முதல் 1200. அதற்கு மேல் உங்களுக்குச் சத்தம்தான் மிச்சம்.

மேலே வட்டமான வாய் இருந்தால் இதே சிம்னிக்குக் குழாய் போட்டுப் பாருங்கள். சுவரை உடைக்க ஓனர் விடமாட்டார் என்றால் ஜன்னலில் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டு, ஓட்டை போட்ட அலுமினியத் தகட்டை மாட்டலாம், காலி செய்யும்போது கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். குழாய் அந்த வாயின் அளவுக்கே இருக்க வேண்டும், நடுவில் எங்கேயும் சுருங்கக் கூடாது. எங்கள் வீட்டில் மாட்ட வந்தவர் 6 அங்குலக் குழாயைச் சுவரில் இருந்த 4 அங்குல ஓட்டைக்குள் சொருகிவிட்டுப் போனார். வழி பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது, ஓட்டையைப் பெரிதாக்கும் வரை ஒரு வருஷம் மோட்டாரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, படத்தில் அடுப்புக்கும் சிம்னிக்கும் நடுவில் முழுசாக இரண்டு டைல்ஸ் தெரிகின்றன. ஒன்றரை அடி டைல்ஸ் என்றால் மூன்றடி ஆகிறது, அவ்வளவு உயரம் போவதற்குள் புகை பக்கவாட்டில் தப்பிவிடும். டேப் வைத்து அளந்து பாருங்கள், 65 முதல் 75 செ.மீ.க்குள் இருந்தால் சரி, இல்லையென்றால் கீழே இறக்கச் சொல்லுங்கள். குழாய் போட்ட பிறகு சிம்னி ஓடும்போது ஹால் ஜன்னல் ஒன்று கொஞ்சம் திறந்திருக்கட்டும், வெளியே போகிற காற்றுக்கு ஈடாக உள்ளே வர வழி வேண்டும். வீட்டுக்குள் கேஸ் கீசர் இருந்தால் அது ஓடும்போது சிம்னியைப் போடவே போடாதீர்கள், அதன் நச்சுப் புகையை வீட்டுக்குள் இழுத்துவிடும்.